வடை எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுப்பாக வர: எண்ணெயின் சூடும் அதைக் கண்ணால் அறியும் வழியும்

கேள்வி: உளுந்து வடை சுட்டால் எண்ணெயைக் குடித்துவிடுகிறது, பிழிந்தால் சொட்டுகிறது. தீயைக் குறைத்தால் இன்னும் மோசம். கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கிறது. எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. அது இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

மாவைப் போடும் நொடியில் எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். போட்ட பிறகு சூடு இறங்கத்தான் செய்யும். ஆனால் 155க்குக் கீழே போகக் கூடாது. வடையை எடுக்கும்போது அது மறுபடி 175ஐ எட்டியிருக்க வேண்டும். எல்லாரும் முதல் சூட்டை மட்டும் கவனிக்கிறோம். வடை எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் மற்ற இரண்டையும் கவனிக்காமல் விடுவதால்தான்.

ஏன் என்று தெரிந்துவிட்டால் தெர்மாமீட்டர் இல்லாததே ஒரு குறையாகத் தெரியாது. அரைத்த உளுந்து மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். அது சூடான எண்ணெயில் விழுந்ததும் மேல்பரப்புத் தண்ணீர் ஆவியாகி வெளியே பீறிடுகிறது. வடையைச் சுற்றி நுரைக்கும் குமிழிகள் எல்லாம் அந்த ஆவிதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் எளிதில் உள்ளே நுழைய முடியாது. அதற்குள் மேலே ஒரு ஓடு இறுகிவிடுகிறது. எண்ணெய் சூடு குறைந்திருந்தால் ஆவி தளர்வாக வரும், ஓடு கட்டத் தாமதமாகும், வடையும் அதிக நேரம் எண்ணெயில் கிடக்கும்.

இது பாதிதான். எண்ணெயில் பெரும்பங்கு வடைக்குள் போவது சட்டியிலிருந்து எடுத்த பிறகு. வெளியே வந்த வடை ஆறத் தொடங்கியதும் ஓட்டின் துளைகளில் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது அந்த இடத்துக்கு, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே எடுக்கும் நேரத்தில் எவ்வளவு எண்ணெய் ஒட்டியிருக்கிறது என்பதே கணக்கு. சூடான எண்ணெய் தண்ணீர்போல் வழிந்து ஓடிவிடும். சூடு குறைந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் வடையின் மேல் படிந்து நிற்கும். தீயைக் குறைத்தபோது நிலைமை இன்னும் மோசமானது இதனால்தான்.

இப்போது முதல் சூடு. 24 சென்டிமீட்டர் அகல வாணலியில் 750 மில்லி எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். மிதமான தீக்குச் சற்று மேலே வைத்தால் இது காய ஆறேழு நிமிடம் ஆகும். சோதிக்கும் முன் கரண்டியால் அடியிலிருந்து ஒருமுறை கலக்கிவிடுங்கள். அடியில் இருக்கும் எண்ணெய் மேலே இருப்பதைவிடச் சூடாக இருக்கும். கலக்காமல் பார்க்கும் சோதனை தவறாகச் சொல்லும்.

சோதிக்க வேறெதுவும் தேட வேண்டாம், வடை மாவே போதும். வெங்காயம், மிளகு இல்லாத இடத்திலிருந்து சுண்டைக்காய் அளவு கிள்ளி, எண்ணெய்க்கு அருகில் கையைக் கொண்டுபோய் ஓரமாக நழுவ விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் எண்ணெய் தெறிக்கும், மாவும் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். போட்டதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள்.

மாவு மூழ்கி, இரண்டு எண்ணுவதற்குள் சுற்றிலும் குமிழியோடு எழும்பி வந்தால் சூடு சரி. அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடத்துக்குள் அது இளம்பொன் நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தையும் பார்த்துவிட்டே வடையைப் போடுங்கள். நாலைந்து எண்ணியும் அடியிலேயே கிடந்து, ஒன்றிரண்டு குமிழி மட்டும் விட்டால் எண்ணெய் இன்னும் காயவில்லை, ஏறக்குறைய 150 பக்கத்தில் நிற்கிறது என்று கொள்ளலாம். மூழ்காமல் மேலேயே துள்ளி, 15 எண்ணுவதற்குள் பழுப்பேறினால் 190ஐத் தாண்டிவிட்டது.

இந்தச் சோதனை ஏன் நம்பகமானது என்றால், நன்றாக அரைத்து அடித்த உளுந்து மாவு தண்ணீரில் மிதக்கும், ஆனால் எண்ணெயில் மூழ்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, காய்ந்த பிறகு இன்னும் லேசாகிவிடுகிறது. மூழ்கிய மாவை மேலே தூக்குவது அதற்குள் உண்டாகும் ஆவிதான். ஆவி எவ்வளவு வேகமாக உண்டாகிறது என்பதை எழும்பும் நேரம் காட்டிக்கொடுக்கிறது. நமக்குத் தெரிய வேண்டியதும் அதுவே. அதோடு இன்றைய வடைக்கு இன்று அரைத்த மாவிலேயே பார்ப்பதால், மாவு கெட்டியா தளர்வா என்பதும் இதில் அடங்கிவிடும்.

மற்ற அடையாளங்களில் சில ஏமாற்றும். கறிவேப்பிலை போட்டால் படபடவென்று வெடிப்பதைப் பலர் பார்க்கிறார்கள். இலையில் உள்ள தண்ணீர் ஆவியாக 130 டிகிரியே தாராளம். அதனால் எண்ணெய் வடைக்குத் தயாராகும் வெகு முன்பே கறிவேப்பிலை பொரிந்துவிடும். மரக்கரண்டிக் காம்பை நட்டு அதைச் சுற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பரவாயில்லை, ஆனால் அந்தக் குமிழி மரத்தில் உள்ள ஈரத்திலிருந்து வருவது. இப்போதுதான் கழுவிய கரண்டி சூடு குறைந்த எண்ணெயிலும் குமிழி விடும். நாள்பட எண்ணெய் ஏறிக் காய்ந்த கரண்டி நல்ல சூட்டிலும் சும்மா நிற்கும். தண்ணீர் தெளித்துப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். எண்ணெய் மேலெழுந்து தெறித்து கையையும் முகத்தையும் சுட்டுவிடும்.

புகையை நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ரீஃபைண்டு கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ புகை விடும் சூடு 220க்கும் மேல். அதைப் பார்த்து வடை போட்டால் ஒன்றரை நிமிடத்தில் வெளியே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும். செக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் கதை தலைகீழ். ரீஃபைண்டு வகைகளைவிட வெகு குறைவான சூட்டிலேயே, வடை சுடும் சூட்டுக்குப் பக்கத்திலேயே, இலேசாகப் புகைய ஆரம்பித்துவிடலாம். எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்துப் புகையின் பொருள் மாறிவிடுவதால் அது சூட்டின் அளவுகோல் ஆகாது. பொரிப்பதற்கு ரீஃபைண்டு எண்ணெய் வசதி என்பது என் கருத்து. செக்கு எண்ணெயின் மணம் வேண்டுமென்றால் புகை வருமுன் போட்டுவிடுங்கள், மாவுச் சோதனை அதற்கும் பொருந்தும்.

சோதனையில் சூடு அதிகம் என்று தெரிந்தால் தீயை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அவசரமென்றால் புது எண்ணெய் 50 மில்லி ஊற்றிக் கலக்குங்கள், ஏறக்குறைய பத்து டிகிரி இறங்கும்.

அடுத்தது இரண்டாவது சூடு. கேள்வியில் சொன்ன சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஒரு வடைக்கு 40 கிராம் மாவு என்றால் நாலு வடைக்கு 160 கிராம். 30 டிகிரியில் இருக்கும் இந்த மாவு தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு வருவதற்கே 750 மில்லி எண்ணெயிலிருந்து இருபது டிகிரிக்குமேல் இழுத்துக்கொள்ளும். அதன்பின் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் இழுப்பு நிற்பதில்லை. தீ அதை ஈடுகட்டினால்தான் 155க்கு மேல் நிற்கும். அதே சட்டியில் எட்டு வடையைத் திணித்தால் முதல் நொடிகளிலேயே 135 வரை சரிந்துவிடும். வீட்டு அடுப்பால் அதை உடனே மீட்க முடியாது. எண்ணெயில் முதலில் பார்த்த சூடு சரியாகவே இருந்தும் வடை ஊறிப்போவது இப்படித்தான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த மாவு என்றால் இன்னும் ஆறேழு டிகிரி கூடுதலாக இழுக்கும். அப்படிப்பட்ட மாவுக்கு ஒரு ஈடுக்கு மூன்று வடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்த அளவுச் சட்டிக்கு ஒரு ஈடுக்கு நாலு வடை. ஒன்று போட்டு ஐந்தாறு நொடி கழித்து அடுத்தது. நாலையும் போட்டதும் தீயைச் சற்றுக் கூட்டி ஒரு நிமிடம் வையுங்கள், அதன்பின் மிதமாக்குங்கள். வழக்கமாகச் சொல்லும் "போட்டவுடன் தீயைக் குறை" என்பது எண்ணெய் ஏற்கெனவே அதிகம் காய்ந்துவிட்டவர்களுக்குத்தான் உதவும்.

இந்தக் கட்டத்தில் எண்ணெயே பேசும், காதையும் கண்ணையும் கொடுத்தால் போதும். சூடு சரியாக இருந்தால் போட்ட வடை அடியைத் தொட்டு ஐந்து நொடிக்குள் மேலே வந்து நிற்கும். அதைச் சுற்றி நெருக்கமான குமிழிகள் இடைவிடாமல் கிளம்பும், சடசடவென்ற ஓசை ஒரே சீராக இருக்கும். வடை பத்து நொடிக்கும் மேல் அடியில் கிடந்தாலோ, குமிழிகள் பெரிதாகவும் சோம்பலாகவும் வந்தாலோ சூடு விழுந்துவிட்டது. உடனே தீயை முழுதாகக் கூட்டுங்கள். ஓசை திரும்பக் கேட்கும்வரை வடையைத் திருப்பவோ குத்தவோ வேண்டாம், ஓடு கட்டாத வடை கரண்டி பட்டாலே கிழிந்து எண்ணெய்க்கு வாசல் திறந்துவிடும். மாறாக, குமிழிகள் கொந்தளித்து நுரை ஏறி ஒரு நிமிடத்திலேயே ஓரம் சிவந்தால் தீயைக் குறையுங்கள்.

நேரமும் ஒரு அளவுகோல். ஓடு இறுகியதும், ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில், முதல் முறை திருப்பலாம். உளுந்து வடை முழுதாக வேக நாலு முதல் ஐந்து நிமிடம் ஆக வேண்டும். இரண்டு நிமிடத்தில் பொன்னிறமானால் எண்ணெய் மீறிக் காய்ந்திருக்கிறது, உள்ளே வெந்திருக்காது. ஏழு நிமிடம் ஆகியும் வெளுத்துக் கிடந்தால் சூடு போதவில்லை, அந்த ஈடு எண்ணெய் குடித்திருக்கும். நடுவில் துளை போடுவது அழகுக்கு அல்ல. தடிமனான நடுப்பகுதிக்கும் எண்ணெய் எட்டினால்தான் உள்ளும் வெளியும் ஒரே நேரத்தில் வேகும். துளை அடைபட்டுப் போன வடையில்தான் உள்மாவு அதிகம் நிற்கும்.

மூன்றாவது சூடு, எடுக்கும்போது. வடைக்குள் தண்ணீர் குறையக் குறையக் குமிழிகள் மெலிந்து, சடசடப்பு அடங்கி, ஒரு மெல்லிய சலசலப்பு மட்டும் மீதமிருக்கும். ஜல்லிக்கரண்டியில் ஏந்தினால் போட்டபோது இருந்ததைவிட லேசாகத் தெரியும், கரண்டியால் தட்டினால் கலகலவென்ற ஓசை வரும். அது வெந்த அடையாளம். அந்த நிலையில் தீயைக் கூட்டி இருபது நொடி வைத்து, அதன்பின் எடுங்கள். எண்ணெய் மெலிந்து வழியவும், வடைக்குள் ஆவி இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கவும் இந்த இருபது நொடி உதவுகிறது. முதலில் தீயை அணைத்துவிட்டு நிதானமாக ஒவ்வொன்றாக எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நீங்கள் எடுத்து முடிக்குமுன் குமிழி நின்று, கடைசி வடை எண்ணெயில் ஊறத் தொடங்கியிருக்கும்.

எடுத்த வடையைச் சட்டிக்கு மேலேயே கரண்டியில் சாய்த்துப் பத்து நொடி பிடித்து, ஒருமுறை உதறுங்கள். பிறகு கம்பித் தட்டிலோ கண் உள்ள வடிதட்டிலோ விளிம்பில் நிற்கும்படி சாய்த்து வையுங்கள், எண்ணெய் கீழ் விளிம்புக்கு இறங்கிச் சொட்டும். மேல்பரப்பில் இருப்பது உள்ளே போகுமுன் வழிந்தாக வேண்டும், அதற்குக் கிடைப்பது முதல் அரை நிமிடம்தான். காகிதம் விரிப்பதானால் டிஷ்யூ காகிதம், அச்சு மையுள்ள செய்தித்தாள் வேண்டாம். சூடான வடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாத்திரத்தில் அடுக்கி மூடினால் அவை விடும் ஆவியிலேயே ஓடு நமத்துப்போகும்.

ஈடுக்கும் ஈடுக்கும் நடுவில் உதிர்ந்த துணுக்குகளை அரித்தெடுத்துவிட்டு, எண்ணெய் மீண்டும் சூடேற அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கொடுங்கள். அடுத்த ஈடுக்கும் அதே சுண்டைக்காய் மாவுச் சோதனைதான். முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாவது ஈடு எண்ணெய் குடித்தது என்றால் காத்திருக்காமல் போட்டதே காரணம். மூன்றாவது மட்டும் கருகினால் நடுவில் தீயைக் குறைக்காமல் மாவு தட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

சூடு எல்லாம் சரியாக இருந்தும் வடை ஊறினால் மாவைப் பாருங்கள். அதிகத் தண்ணீர் என்றால் அதிக ஆவி, அதிகத் துளை, அத்தனை துளையிலும் எண்ணெய். 200 கிராம் தோல் நீக்கிய முழு உளுந்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேர ஊறல் போதும். தண்ணீரை முழுதாக வடித்துவிட்டு, அரைக்கும்போது தெளிப்பதற்கு மூன்று நாலு மேசைக்கரண்டி குளிர்ந்த நீர் வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளிய மாவு கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க வேண்டும், உருட்டினால் கையில் நிற்க வேண்டும். மிதக்காத மாவு கல்லாக வரும். மிதந்தும் கையில் நிற்காமல் வழிந்தால் அது எண்ணெய் குடிக்கும். வழிகிற மாவில் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்து, அரை மணி நேரம் குளிர வைத்தால் ஓரளவு தேறும். உப்பும் வெங்காயமும் சேர்த்து வைத்திருந்தால் வெங்காயம் நீர் விட்டு மாவைத் தளர்த்தும், ஆகவே எண்ணெய் காயும்போது கலந்தால் போதும். சோடா உப்பு உளுந்து வடைக்குத் தேவையே இல்லை. அது துளைகளைப் பெருக்கி எண்ணெயை உள்ளே அழைத்துவிடும்.

எண்ணெயின் வயதும் இதில் சேரும். பலமுறை காய்ச்சிய எண்ணெய் கெட்டியாகி, வடையின் மேல் வழியாமல் ஒட்டிக்கொள்ளும், நுரையும் சீக்கிரம் அடங்காது. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இதற்கு ஒரு எல்லை உண்டு. பொரித்த எண்ணெயில் உண்டாகும் துருவப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டில் அளக்க முடியாது. எண்ணெய் கருத்து, குளிர்ந்தபின் பாகுபோல் வழிந்து, காய்ந்ததும் மேலே நுரை படர்ந்து நின்றால் அதில் வடை போட வேண்டாம்.

பருப்பு வடைக்கு இதே முறைதான், சூடு மட்டும் பத்து டிகிரி குறைவு: போடும்போது 165 முதல் 170. கடலைப்பருப்பை ஒன்றும்பாதியுமாக அரைப்பதால் உள்ளே இருக்கும் பருப்புத் துண்டுகள் வேக நேரம் வேண்டும். அவசரப்பட்டுக் காய வைத்தால் மேலே சிவந்து உள்ளே பச்சைப் பருப்பு வாடை நிற்கும். இங்கே கிள்ளிப் போட்ட மாவு மூன்று எண்ணுவதற்குள் எழும்பினால் போதும். எழும்பாமல் உதிர்ந்து எண்ணெயில் பரவினால், எண்ணெய் காயாததோ மாவில் தண்ணீர் அதிகமானதோ, இரண்டில் ஒன்று.

உங்கள் வடை எவ்வளவு குடிக்கிறது என்பதையும் அளக்கலாம். ஊற்றும்போது 750 மில்லி என்று அளந்து ஊற்றுங்கள். எல்லாம் முடிந்து எண்ணெய் முழுதாக ஆறிய பிறகு வடிகட்டி மறுபடி அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். உதாரணமாக 680 மில்லி மீந்து, சுட்டது 14 வடை என்றால் ஒரு வடைக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. இதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், முதலில் ஈடுக்கு ஒரு வடையைக் குறைத்துப் பாருங்கள். அதற்கடுத்த முறை கடைசி இருபது நொடித் தீ. எந்த மாற்றத்துக்கு எண்ணெய் அதிகம் மிச்சமாகிறதோ, உங்கள் அடுப்பில் குறை அங்கேதான் இருந்தது.